நெல் வந்த வாடகையும் அரிசி போன வாடகையும்



இன்று மாலை உங்களோடு நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் லாரி வாடகை. பாடப்புத்தகம் இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. வாங்கிய சரக்கைக் கொண்டுவர நாம் கொடுப்பது உள்தூக்குக்கூலி. விற்ற சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாம் கொடுப்பது வெளித்தூக்குக்கூலி. முதலாவது வியாபாரக் கணக்குக்குப் போகிறது. இரண்டாவது இலாப நட்டக் கணக்குக்குப் போகிறது. பதினோராம் வகுப்பு மாணவன் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் மௌனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த "ஏன்" என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னால், இந்த டெல்டாவில் ஓர் அரிசி ஆலையின் கணக்கைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். உரிமையாளர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா, போன வருஷம் நூறு ரூபாய்க்கு வித்தா கிட்டத்தட்ட பத்து ரூபாய் மொத்த இலாபம் நின்னுச்சு. இந்த வருஷம் ஏழு ரூபாய்கூட நிக்கலை. நெல்லு அதே நெல்லு, விலையும் அதே விலை. உள்ளுக்குள்ள யாரோ மூட்டையைக் கடத்துறாங்க" என்றார். கொள்முதலுக்குப் போகும் ஆள் மேல் அவருக்குச் சந்தேகம். அந்த மனிதரோ இருபது ஆண்டுகளாக அவரிடம் வேலை செய்பவர்.

இரண்டு நாள் பேரேட்டைப் புரட்டினேன். திருட்டு எங்கும் இல்லை. இருந்தது ஒரே ஒரு கணக்கு. "லாரி வாடகை" என்று தலைப்பு. வயலிலிருந்து நெல் வந்த வாடகையும் அதில்தான். மதுரைக்கு அரிசி போன வாடகையும் அதில்தான். முந்தைய ஆண்டு இருந்த கணக்கர் அதை மொத்தமாக இலாப நட்டக் கணக்கில் போட்டிருந்தார். புதிதாக வந்தவர் மொத்தமாக வியாபாரக் கணக்கில் போட்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. புதியவரிடம் கேட்டேன். "வாடகை வாடகைதானேங்கய்யா, வந்தா என்ன, போனா என்ன? ரெண்டும் நம்ம கையிலேர்ந்துதானே போகுது" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பணம் போன வழியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் பற்றுதான். எந்தப் பக்கம் போட்டாலும் இருப்பாய்வு சமன்படும். அதனால்தான் இந்தப் பிழை யார் கண்ணிலும் படுவதில்லை. கூட்டல் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வாடகையைப் பிரிப்பது எது? பணமா? தூரமா? லாரி போகும் திசையா?

திசைதான் என்று பலரும் நினைக்கிறார்கள். உள் என்றால் உள்ளே வருவது, வெளி என்றால் வெளியே போவது. பெயரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நம் ஊர்க் காட்சி ஒன்றைக் காட்டுகிறேன். தஞ்சாவூர் கூட்ஸ் ஷெட்டுக்குப் போய் நின்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்களில் பிடித்த நெல், நாற்பது கிலோ சாக்குகளில், லாரி லாரியாக வந்து இறங்குகிறது. 42 வேகன்கள் கோத்த சரக்கு ரயிலில் ஏறத்தாழ 2,000 டன். சாக்குக் கணக்கில் 50,000 மூட்டை. சுமைப்பணித் தொழிலாளர்கள் முதுகில் ஏற்றி முடிக்கிறார்கள். ரயில் தர்மபுரிக்கோ திருவள்ளூருக்கோ புறப்படுகிறது. நெல் தஞ்சையை விட்டு வெளியே போகிறது. இது வெளித்தூக்குக்கூலியா?

இல்லை. கணக்கு முறைப்படி பார்த்தால் அது உள்தூக்கின் பக்கம்தான். ஏனென்றால் அந்த நெல்லை யாருக்கும் விற்கவில்லை. தர்மபுரியில் இருப்பது வாடிக்கையாளர் அல்ல, அரைவை ஆலை. டெல்டாவில் ஒரே நேரத்தில் குவியும் நெல் முழுவதையும் இங்குள்ள ஆலைகள் அரைத்து முடிக்க முடியாது. எனவே அரைப்பதற்காக நெல் ஊர் விட்டு ஊர் போகிறது. விவசாயியின் களத்துமேட்டில் கிடந்த நெல் அரிசியாக வேண்டுமானால் கொள்முதல் நிலையம் வரவேண்டும், சேமிப்பு மையம் போகவேண்டும், ரயில் ஏறவேண்டும், ஆலையில் இறங்கவேண்டும். இந்தப் பயணம் முழுவதும், சரக்கு விற்கத்தக்க நிலைக்கு வந்து சேருவதற்கான பயணம்.

அதே தண்டவாளத்தில், அதே வேகன்களில், வாங்கியவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அரிசி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாடகை விற்பனையின் செலவு. தண்டவாளம் ஒன்று, வேகன் ஒன்று, திசை ஒன்று. உள்ளே இருப்பது நெல்லா, விற்ற அரிசியா என்பதுதான் வேறு.

ஆக, கேட்கவேண்டிய கேள்வி இது: இந்த வாடகையைக் கொடுக்காவிட்டால் சரக்கு விற்கத்தக்க நிலையில் என் கைக்கு வந்திருக்குமா? வந்திருக்காது என்றால் அது சரக்கின் அடக்கவிலையில் ஒரு பகுதி. சரக்கு ஏற்கெனவே என் கையில் தயாராக இருக்கிறது, வாங்கியவரிடம் சேர்க்கத்தான் இந்த வாடகை என்றால், அது விற்பனைச் செலவு.

இதே பிரிவினையைச் செய்யும் இந்திய உணவுக் கழகம் பிறந்ததே நம் மண்ணில்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1965 ஜனவரி 14 அன்று அந்தக் கழகம் தொடங்கியபோது தலைமையகம் சென்னையில் இருந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. அந்தக் கழகம் ஒரு குவிண்டால் அரிசிக்கு ஆகும் முழுச் செலவை எப்படிக் கணக்கிடுகிறது என்று பாருங்கள். தானியத்தின் விலை தனி. மண்டிக் கூலி, சாக்கு, அரைவைக் கூலி போன்ற கொள்முதல் சார்ந்த செலவுகள் தனி. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகும் ரயில் வாடகை முதலான விநியோகச் செலவு தனி. இவ்வளவு பெரிய நிறுவனமும் வாங்கிச் சேர்ப்பதற்கான செலவையும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான செலவையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதில்லை.

இனி "ஏன்" என்ற கேள்விக்கு வருகிறேன். சற்று நிதானமாகக் கேளுங்கள்.

ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரத்தநாடு, அம்மாப்பேட்டைப் பக்கத்து வயல்களிலிருந்து 1,000 குவிண்டால் நெல் வாங்குகிறது. விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். 2024-25 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை அதுதான். ஆக நெல்லின் விலை 23 லட்சம் ரூபாய். ஐந்து லாரி வாடகை 30,000. ஏற்றி இறக்கிய கூலி 16,000. மொத்தம் 46,000 ரூபாய் நெல் வந்து சேர்ந்த செலவு. நெல்லை அவித்து அரைத்ததில் நூற்றுக்கு அறுபத்தெட்டு என்ற கணக்கில் 680 குவிண்டால் அரிசி கிடைக்கிறது. தவிடும் உமியும் குருணையும் விற்ற பணம் அரைவைச் செலவுக்குச் சரியாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக மட்டும் இந்த ஏற்பாடு.

இப்போது 680 குவிண்டால் அரிசியின் அடக்கம் என்ன? 23 லட்சத்தோடு 46,000 சேர்த்தால் 23,46,000. அதை 680-ஆல் வகுத்தால் குவிண்டாலுக்கு 3,450 ரூபாய்.

மார்ச் 31-க்குள் 480 குவிண்டாலை, குவிண்டால் 3,750 ரூபாய்க்கு, மதுரைக் கடைகளுக்கு இறக்கித் தருவதாகப் பேசி விற்றாயிற்று. விற்பனை 18 லட்சம். மதுரை வரை லாரி வாடகை குவிண்டாலுக்கு 60 ரூபாய் வீதம் 28,800. மீதி 200 குவிண்டால் கிடங்கில் அடுக்கியிருக்கிறது.

சரியான கணக்கு எப்படி இருக்கும்? விற்ற 480 குவிண்டாலின் அடக்கம் 16,56,000. மொத்த இலாபம் 1,44,000. நூற்றுக்கு எட்டு ரூபாய். கிடங்கில் இருக்கும் அரிசியின் மதிப்பு 6,90,000. மொத்த இலாபத்திலிருந்து மதுரை வாடகை 28,800 கழிந்தால் 1,15,200. மற்ற செலவுகள் அதன்பிறகு.

இப்போது பழைய கணக்கர் செய்ததைச் செய்து பார்ப்போம். இரண்டு வாடகையும் சேர்த்து 74,800 ரூபாய். மொத்தத்தையும் இலாப நட்டக் கணக்கில் தள்ளுகிறோம். அரிசியின் அடக்கத்தில் வாடகை இல்லை. எனவே மொத்த இலாபம் 1,76,470 ஆக உயர்ந்து, நூற்றுக்கு 9.8 ரூபாய் என்று மின்னுகிறது. ஆனால் கீழே 74,800 கழிந்ததும் மிஞ்சுவது 1,01,670 மட்டும். சரியான தொகைக்கு 13,530 ரூபாய் குறைவு. அந்த 13,530 எங்கே போனது? கிடங்கில் இருக்கும் 200 குவிண்டால் அரிசிக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த அரிசிக்கான நெல்லும் ஒரத்தநாட்டிலிருந்து லாரியில்தான் வந்தது. தானாக உருண்டு வரவில்லை. அதன் வாடகையை, அது விற்பதற்கு முன்பே, இந்த ஆண்டுச் செலவாக எழுதி முடித்துவிட்டோம்.

புதிய கணக்கர் செய்ததைப் பார்ப்போமா? 74,800-ஐயும் வியாபாரக் கணக்கில் போட்டு, அடக்கவிலையில் ஏற்றுகிறோம். குவிண்டால் அடக்கம் 3,492 ரூபாய்க்கு மேல் போகிறது. மொத்த இலாபம் 1,23,670. நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. நான் சொன்ன உரிமையாளர் பதறியது இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்துத்தான். இதற்குமேல் கழிக்க வாடகை இல்லாததால் அதே 1,23,670 அப்படியே கீழே இறங்குகிறது. சரியான தொகையைவிட 8,470 ரூபாய் அதிகம்! எப்படி வந்தது இந்த அதிகம்? கிடங்கில் அசையாமல் அடுக்கியிருக்கும் 200 குவிண்டால் அரிசி மேல், மதுரைக்குப் போன லாரியின் வாடகையை ஏற்றி வைத்திருக்கிறோம். அந்த மூட்டைகள் மதுரையைக் கண்ணால் கண்டதில்லை. லாரியில் ஏறியதுகூட இல்லை. போகாத ஊருக்கு வழி சொல்வதைக் கேட்டிருக்கிறோம். போகாத ஊருக்கு வாடகை கட்டுவது இந்தக் கணக்கில்தான்.

கவனித்தீர்களா? பழைய கணக்கில் மொத்த இலாபம் அதிகம், கடைசியில் மிஞ்சியது குறைவு. புதிய கணக்கில் மொத்த இலாபம் குறைவு, கடைசியில் மிஞ்சியது அதிகம். வியாபாரம் ஒன்று, சீட்டுகள் ஒன்று, லாரிகள் ஒன்று. இரண்டு கணக்குக்கும் இடையே சரியாக 22,000 ரூபாய் வித்தியாசம். 74,800 ரூபாய் வாடகையில், விற்காமல் நிற்கும் 200 குவிண்டாலின் பங்கு எவ்வளவோ அதுதான் இந்த 22,000.

இதிலிருந்து ஒரு செய்தி வெளியே வருகிறது. பாடப்புத்தகங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். மார்ச் 31 அன்று கிடங்கு காலியாக இருந்தால் என்ன ஆகும்? 680 குவிண்டாலும் விற்றுப்போயிருந்தால், வாடகையை எந்தக் கணக்கில் போட்டாலும் நிகர இலாபம் மாறாது. மொத்த இலாபம் மட்டும் மேலும் கீழும் ஆடும். அப்படியானால் இந்தப் பிரிவினையின் உயிர் எங்கே இருக்கிறது? விற்காத சரக்கில் இருக்கிறது. இறுதிச் சரக்கிருப்பில் இருக்கிறது.

விற்காத சரக்கு எப்போது அதிகம்? இங்கேதான் நம் தஞ்சை தனித்து நிற்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அந்த நெல் புரட்டாசி, ஐப்பசியில் வீட்டுக்கு வந்துவிடும். நிதியாண்டு முடிவதற்குள் பெரும்பகுதி அரைத்து விற்றும் விடலாம். ஆனால் சம்பாவும் தாளடியும் தை, மாசி, பங்குனியில் அறுவடை. ஆண்டின் பெரிய அறுவடை அதுதான். அந்த நெல் ஆலைக்குள் அம்பாரமாகக் குவிந்திருக்கும் நேரத்தில், கிடங்கு கூரை வரைக்கும் நிறைந்திருக்கும் நேரத்தில், மார்ச் 31 வந்து நிற்கிறது. சென்னையில் ஒரு துணிக்கடைக்காரருக்கு மார்ச் மாதம் சாதாரண மாதம். தஞ்சையில் ஓர் அரிசி ஆலைக்கு அது சரக்கு உச்சத்தில் இருக்கும் மாதம். எனவே வேறு ஊரில் சில நூறு ரூபாய்ப் பிழையாக இருப்பது இங்கே பல ஆயிரமாக, பெரிய ஆலைக்குப் பல லட்சமாக வளர்கிறது.

இந்தப் பிழை ஓர் ஆண்டோடு போய்விடுவதுமில்லை. இந்த மார்ச் 31-ன் இறுதிச் சரக்கிருப்புதான் ஏப்ரல் 1-ன் தொடக்கச் சரக்கிருப்பு. இந்த ஆண்டு இலாபம் குறைந்தால் அடுத்த ஆண்டு அதே அளவு கூடும். இரண்டாண்டையும் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் வருமான வரி ஆண்டுக்கு ஆண்டுதானே கட்டுகிறோம்? பங்காளிகள் ஆண்டுக்கு ஆண்டுதானே இலாபம் பிரிக்கிறார்கள்? நடுவில் ஒரு பங்காளி விலகினால், அவர் பங்கை எந்த எண்ணை வைத்துத் தீர்ப்பது? வங்கியில் சரக்கை ஈடுகாட்டி கேஷ் கிரெடிட் வாங்கியிருக்கிறோம். மாதாமாதம் கொடுக்கும் சரக்கு அறிக்கையில் மதுரை வாடகையையும் ஏற்றிய விலையைக் காட்டினால், இல்லாத மதிப்புக்குக் கடன் வாங்கியவர்கள் ஆகிறோம்.

இது ஏதோ பள்ளிக்கூடத்து விதி என்று நினைக்கவேண்டாம். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கென்று வகுத்த இரண்டாம் கணக்கியல் தரநிலை இதைத் தெளிவாகவே சொல்கிறது. சரக்கை இப்போதிருக்கும் இடத்துக்கும் இப்போதிருக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவு சரக்கின் அடக்கத்தில் சேரும். கொள்முதலுக்கான வண்டி வாடகை அதில் அடக்கம். விற்பனைக்கும் விநியோகத்துக்கும் ஆன செலவு சேராது. இடம், நிலை என்ற இரண்டு சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வயலில் கிடக்கும் நெல்லும் ஆலை வாசலில் கிடக்கும் நெல்லும் ஒன்றல்ல. ஆலை வாசலில் இருப்பது இடம் மாறி வந்த நெல். இடம் மாறியதால் மதிப்பும் கூடிய நெல்.

வியாபாரம் தெரிந்தவர்கள் இதை எந்தத் தரநிலையும் படிக்காமலே உணர்ந்திருக்கிறார்கள். கர்நாடகத்து நெல் குவிண்டால் 2,250-க்குக் கிடைக்கிறது என்று தரகர் போனில் சொல்கிறார். ஒரத்தநாட்டு நெல் 2,300. எது மலிவு? நம் ஆலைக்காரர் உடனே என்ன கேட்பார்? "வந்து சேர என்ன ஆகும்?" என்றுதானே கேட்பார். இங்கிருந்து வர 46 ரூபாய், அங்கிருந்து வர 150 ரூபாய் என்றால், 2,346-க்கும் 2,400-க்கும் இடையில்தான் ஒப்பீடு. வாங்கும்போது வாடகையை விலையோடு சேர்த்துப் பேசுகிறோம். அப்படியிருக்க, எழுதும்போது மட்டும் ஏன் பிரித்து இன்னொரு கணக்கில் போடவேண்டும்? மொத்த இலாபம் என்பது வாங்கிய சாமர்த்தியத்தையும் அரைத்த சாமர்த்தியத்தையும் காட்டும் கண்ணாடி. மதுரைக்கு இறக்கித் தருவதா, ஆலை வாசலிலேயே விற்பதா என்பது விற்பனையில் நாம் எடுக்கும் முடிவு. அதன் செலவு அந்தக் கண்ணாடியில் தெரியக்கூடாது. கீழே, இலாப நட்டக் கணக்கில், கமிஷனுக்கும் விளம்பரத்துக்கும் பக்கத்தில் தெரியவேண்டும்.

இங்கே ஓர் அழகான காட்சியை உங்களுக்குக் காட்டாமல் போக மனமில்லை. நம் ஆலையிலிருந்து மதுரைக்குப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை பேச்சு வேறு. "வாடகை உங்களது" என்று மதுரைக் கடைக்காரரோடு பேசியாயிற்று. ஒரு லாரி, ஒரு சீட்டு, 6,000 ரூபாய் வாடகை. நாம் கொடுத்தால் அது நமக்கு வெளித்தூக்குக்கூலி. அவர் கொடுத்தால் அதே 6,000 ரூபாய் அவருக்கு உள்தூக்குக்கூலி. ஏனென்றால் அவருக்கு அது கொள்முதல். அவர் கடையில் அரிசி வந்து இறங்குவதற்கான செலவு. லாரிக்குத் தெரியாது தான் உள்ளே போகிறோமா, வெளியே போகிறோமா என்று. அதைச் சொல்வது, வாடகையை ஏற்றுக்கொண்ட வியாபாரியின் புத்தகம்.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. வாடகை கடைக்காரருடையது என்று பேசியிருப்போம். ஆனால் டிரைவர் டீசலுக்குப் பணம் வேண்டும் என்று ஆலை வாசலில் நிற்பார். நாமே 6,000-ஐக் கொடுத்தனுப்பிவிடுவோம். கணக்கர் வழக்கம்போல வெளித்தூக்குக்கூலி என்று எழுதிவிடுவார். தவறு. அது நம் செலவே இல்லை. அவருக்காக நாம் கொடுத்த கடன். அவர் பெயரில் பற்று எழுதி வசூலிக்கவேண்டிய தொகை. இப்படி எழுதி மறந்துபோன வாடகைகள் பல ஆலைகளில் வசூலாகாமலே போயிருக்கின்றன. லாரி ரசீதில் 'பெய்டு' என்று இருக்கிறதா, 'டு பே' என்று இருக்கிறதா, பில்லில் விலை எந்த இடம் வரைக்கும் பேசியது என்று சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பணம் நழுவியிருக்கும்.

இன்னொன்று. கோயம்புத்தூரிலிருந்து புதிய இயந்திரம் ஒன்று லாரியில் வந்து இறங்குகிறது. கல், கறுப்பு அரிசி பொறுக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 20,000. உள்ளே வந்ததுதானே என்று உள்தூக்குக்கூலியில் எழுதினால், அந்த ஆண்டு அரைத்த அரிசி மேல் இயந்திரத்தின் பயணச் செலவு ஏறும். அது விற்க வாங்கிய சரக்கு அல்ல. அந்த வாடகை இயந்திரக் கணக்கில் சேர்ந்து, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கரையவேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெல் ஏற்றிய லாரி வழியில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் நின்றது. நிறுத்தக் கட்டணம் கேட்கிறார்கள். நனைந்த மூட்டைகளை வேறு லாரிக்கு மாற்றினோம். இந்தக் கூடுதல் செலவும் நெல்லின் அடக்கமா? வழக்கமான வாடகை அடக்கம்தான். வழக்கத்துக்கு மாறான விரயத்தைச் சரக்கின் மேல் ஏற்றக்கூடாது என்று அதே தரநிலை தடுக்கிறது. நெல் 17 சதவீத ஈரத்தைத் தாண்டி நனைந்து வந்துவிட்டது. அதனால் அதன் விலை கூடியது என்று யாராவது சொல்லமுடியுமா? அந்தச் செலவு நேரே இலாப நட்டக் கணக்குக்குப் போகட்டும்.

சொந்த லாரி வைத்திருப்பவர்கள் கையை உயர்த்தத் துடிப்பது தெரிகிறது. வாடகையே இல்லை, டீசலும் டிரைவர் சம்பளமும்தான், அதை எப்படிப் பிரிப்பது? ட்ரிப் ஷீட்டை வைத்துப் பிரியுங்கள். மாதத்தில் ஓடிய கிலோமீட்டரில் நெல்லுக்காக ஓடியது எவ்வளவு, அரிசிக்காக ஓடியது எவ்வளவு என்று பாருங்கள். மதுரையில் அரிசியை இறக்கிவிட்டு லாரி காலியாகத் திரும்பினால், அந்தத் திரும்பு பயணமும் அரிசியின் செலவுதான். ஆலைக்குள் நுழைகிறது என்பதற்காக அதை உள்தூக்கு ஆக்கிவிடாதீர்கள்.

எல்லைக்கோடு மங்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆலைக்குத் திருச்சியில் சொந்த விற்பனைக் கிடங்கு இருக்கிறது. இங்கிருந்து அரிசி அங்கே போகிறது. இன்னும் விற்கவில்லை. இடத்துக்குக் கொண்டுவந்த செலவு என்று பார்த்தால் அடக்கம். விநியோகச் செலவு என்று பார்த்தால் வெளித்தூக்கு. இரண்டுக்கும் வாதம் உண்டு. தணிக்கையாளரோடு உட்கார்ந்து பேசி ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகு ஆண்டுக்கு ஆண்டு மாற்றாதீர்கள். நான் முதலில் சொன்ன அந்த ஆலையில் உண்மையில் காயம் உண்டாக்கியது அந்த மாற்றம்தான். பிழையான முறையையே இரண்டாண்டும் ஒரே மாதிரி பின்பற்றியிருந்தால்கூட, மொத்த இலாபம் பத்திலிருந்து ஏழுக்கு விழுந்திருக்காது. இருபது ஆண்டு உழைத்த ஒரு மனிதர் திருடன் என்ற பார்வைக்கு ஆளாகியிருக்கமாட்டார்.

அந்தக் கணக்கைப் பிரித்து எழுதி, இரண்டாண்டுக்கும் மொத்த இலாபம் ஏறத்தாழ எட்டு ரூபாய்தான் என்று உரிமையாளர் முன் வைத்தேன். அவர் நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொள்முதல் ஆளை உள்ளே கூப்பிட்டு, "உக்காருங்கண்ணே" என்றார். இருபது ஆண்டில் அவர் அந்த அறையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்டு முடித்துக்கொள்கிறேன். நாளைக் காலை உங்கள் ஆலையில், உங்கள் மண்டியில், லாரி ரசீதுக் கோப்பை எடுங்கள். பேரேட்டில் "லாரி வாடகை" என்று ஒரே தலைப்பு இருந்தால் அதை மூடுங்கள். அதற்குப் பதில் இரண்டு கணக்கைத் திறங்கள். ஒவ்வொரு ரசீதிலும் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: நெல் அல்லது அரிசி. கூடவே, வாடகை நம்முடையதா அவருடையதா என்று பில்லைப் பார்த்து எழுதுங்கள். எடைமேடைச் சீட்டை அதோடு பின் செய்து வையுங்கள். இதை மார்ச் 31-க்கு முந்தின இரவு செய்யவேண்டாம். அன்று கிடங்கு நிறைய மூட்டை இருக்கும், எண்ணி முடிக்கவே விடிந்துவிடும். வண்டி வந்து நிற்கும்போதே, டிரைவர் டீ குடிக்கும் நேரத்துக்குள் எழுதிவிடுங்கள்.